கோடிட்ட இடமும் இலக்கணக் குறிப்பும்

ஒரு பத்தியைக் கொடுத்து, அதனுள் சில சொற்களை நீக்கி, நீக்கிய ஒவ்வோர் இடத்திற்கும் நான்கு சொற்களைத் தந்து, பொருந்துவது எது எனக் கேட்கும் வினா இன்று மாணவர் எவருக்கும் புதிதன்று. வங்கித் தேர்வுகளின் ஆங்கிலத் தாளில் இது நெடுநாளாக உண்டு. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி மாணவர் எழுதும் தமிழ்த் தேர்வில் இவ்வகை வினா 'முன்னுணர்வுக் கருத்தறிதல்' என்னும் அழகிய பெயரோடு இடம்பெறுகின்றது. நம் மாநில அரசுப் பணித் தேர்வுகளில் தனித்தொடராகவும், பிழை நீக்கும் வினாவாகவும் இதே திறன் வேறு வடிவங்களில் சோதிக்கப்படுகின்றது. தொகுதி 4 தேர்வில் 2022ஆம் ஆண்டு முதல், தமிழ்ப் பகுதியில் 150 மதிப்பெண்ணுக்கு 60 பெறாதவரின் மற்றைப் பகுதி மதிப்பிடப்படுவதில்லை என்னும் நிலை வந்தது. ஒவ்வொரு வினாவும் ஒன்றரை மதிப்பெண் பெறும். தாய்மொழிதானே என்று விட்டுவிட இயலாத நிலை இது.

இவ்வினா வகையின் பிறப்பு தேர்வுக்காக நிகழ்ந்ததன்று. 1953ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் வில்சன் டெய்லர் என்பார், ஓர் உரைநடை படிப்பதற்கு எளிதா அரிதா என அளக்கவே இதனை அமைத்தார். ஐந்தாவது சொல், பத்தாவது சொல் என முறையாக நீக்கிக்கொண்டே செல்வார். நான்கு விடைகள் தரமாட்டார். படிப்பவர் தாமே நிரப்ப வேண்டும். எத்துணை இடங்கள் சரியாக நிரப்பப்பட்டனவோ அத்துணை எளிது அவ்வுரை. குறையுள்ள உருவைக் கண்டாலும் மனம் அதனை முழுமையாக்கிக் காண முற்படும் என்னும் உளவியற் கருத்தே இம்முறைக்கு அடிப்படை. நான்கு விடை தரும் பழக்கம் பின்னர்ச் சேர்ந்தது.

ஆங்கிலத்திற்குப் பிறந்த இம்முறை தமிழுக்கு வரும்பொழுது ஒரு மாற்றம் நேர்கின்றது. அதனை உணராமையே நம் மாணவர் பலர் பிழை செய்வதற்குக் காரணம். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினை வந்துவிடும். செயப்படுபொருள் அதன் பின்னர் வரும். எனவே படிப்பவருக்கு வேண்டிய குறிப்பிற் பெரும்பகுதி கோட்டிற்கு இடப்பக்கத்திலேயே கிடைத்துவிடும். தமிழிலோ பயனிலை தொடரின் இறுதியில் நிற்கின்றது. நடுவில் வரும் பெயர் எந்த வேற்றுமை ஏற்க வேண்டும், எச்சம் எவ்வகை எச்சமாக இருக்க வேண்டும் என்பவற்றை எல்லாம் வலப்பக்கத்தில் வரவிருக்கும் சொல்லே முடிவு செய்கின்றது. ஆங்கிலப் பயிற்சியில் பழகிய மாணவர் கோடு வந்தவுடன் நின்று, அதுவரை படித்ததைக் கொண்டு விடையைத் தேடுகின்றார். தமிழில் கோட்டைத் தாண்டி முற்றுப்புள்ளிவரை படித்த பின்னரே விடையைப் பார்த்தல் வேண்டும். இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்தது இவ்வொன்றே. அதனை நம் ஊர்ச் செய்தி ஒன்றைக் கொண்டு விளக்குவோம். வகுப்பில் நாம் பயன்படுத்திய பத்தி இது:

"சிவகாசி மழை குறைந்த ஊர். இவ்வூரின் வறண்ட காற்று தீப்பெட்டித் __(1)__ ஏற்றதாக இருந்தது. 1922ஆம் ஆண்டில் இவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அத்தொழிலைக் __(2)__ கல்கத்தா சென்றனர். அங்கே சில திங்கள் பயிற்சி பெற்று, மறு ஆண்டில் ஊர் திரும்பிய __(3)__ தீப்பெட்டி உற்பத்தியைத் தொடங்கினர். பின்னர்ப் பட்டாசு ஆலைகளும் அச்சகங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் __(4)__. பட்டாசு ஆலையில் மருந்து __(5)__ அறை தனியே அமைந்திருக்கும். அங்கே உராய்வு சிறிதும் நேரக் கூடாது. __(6)__ மிகச் சிறு உராய்வும் மருந்தில் தீயை உண்டாக்கிவிடும்."

1. (அ) தொழிலை (ஆ) தொழிலுக்கு (இ) தொழிலால் (ஈ) தொழிலின்
2. (அ) கற்றுக் (ஆ) கற்ற (இ) கற்கக் (ஈ) கற்றால்
3. (அ) இருவர் (ஆ) இருவரும் (இ) இருவரைத் (ஈ) இருவருக்குத்
4. (அ) தோன்றியது (ஆ) தோன்றின (இ) தோன்றினர் (ஈ) தோன்றுவர்
5. (அ) செலுத்தி (ஆ) செலுத்தும் (இ) செலுத்தினான் (ஈ) செலுத்துக
6. (அ) எனவே (ஆ) ஆயினும் (இ) ஏனெனில் (ஈ) அன்றியும்

முதலில் பத்தி முழுவதையும் ஒருமுறை விடைகளைப் பாராமலே படித்தல் வேண்டும். ஊர், தொழில், இருவரின் பயணம், ஆலைகளின் தோற்றம், ஆலையில் காக்க வேண்டிய எச்சரிக்கை என்னும் வரிசை மனத்தில் நின்றபின் ஒவ்வொரு கோடாகச் செல்லலாம்.

வேற்றுமையைத் தரும் சொல்

முதற்கோட்டின் நான்கு விடைகளும் ஒரே பெயர். வேறுபடுவது உருபு மட்டுமே. இடப்பக்கத்தில் உள்ள 'வறண்ட காற்று தீப்பெட்டித்' என்பதை எத்தனை முறை படித்தாலும் விடை கிடையாது. வலப்பக்கத்தில் 'ஏற்றதாக இருந்தது' என வருகின்றது. தகுதி, பொருத்தம் என்னும் பொருளில் வரும் 'ஏற்றது' நான்காம் வேற்றுமையை வேண்டி நிற்கும். உடலுக்கு ஏற்றது, ஊருக்கு ஏற்றது என்பன போலத் 'தொழிலுக்கு ஏற்றது' என்பதே முடிபு.

இங்கு மாணவர் சிலர் 'தொழிலை' என்பதைத் தேர்ந்தெடுத்தனர். 'அவன் பொறுப்பை ஏற்றான்' என்னும் தொடர் அவர்கள் செவியில் ஒலித்திருக்கின்றது. அங்கே 'ஏற்றான்' என்பது மேற்கொண்டான் என்னும் பொருளது. இங்கே பின்வரும் 'இருந்தது' என்பதையும் சேர்த்துப் படித்திருந்தால் அம்மயக்கம் நேர்ந்திராது. ஒரு சொல் தாண்டிப் படித்தல் போதாது, பயனிலை முடியும்வரை படித்தல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

எச்சமும் அதன் முடிபும்

இரண்டாம் கோட்டில் நான்கும் 'கல்' என்னும் வினையின் வடிவங்கள். 'சென்றனர்' என்பது இறந்தகால முற்று. 'கற்றால்' என்பது நிபந்தனை எச்சமாதலின் இங்கு முடிபு கொள்ளாது. 'கற்றால் செல்வர்' எனில் பொருந்தும், 'கற்றால் சென்றனர்' என்பது பொருந்தாது. 'கற்ற' என்பது பெயரெச்சம். அதனை இட்டால் 'கற்ற கல்கத்தா' என்றாகி, கற்றல் முன்னரே நிகழ்ந்துவிட்டதாகப் பொருள்படும். எஞ்சியவை 'கற்றுக்', 'கற்கக்' என்னும் இரண்டு வினையெச்சங்கள். இலக்கணம் இரண்டையும் ஏற்கும். 'கற்றுச் சென்றனர்' எனின் கற்றல் முன், செல்லல் பின். 'கற்கச் சென்றனர்' எனின் செல்லல் முன், கற்றல் அதன் நோக்கம். எது சரி என்பதை இத்தொடர் சொல்லாது. அடுத்த தொடரில் 'அங்கே சில திங்கள் பயிற்சி பெற்று' என வருவதே முடிவு செய்கின்றது. பயிற்சி கல்கத்தாவில் நிகழ்ந்தமையால் 'கற்கக்' என்பதே விடை.

இலக்கணம் நான்கை இரண்டாக்கும், இரண்டை ஒன்றாக்குவது பெரும்பாலும் பொருள்தான். நன்கு அமைந்த வினாவில் இந்த இரண்டு படிகளும் உண்டு. முதற்படியை விட்டுப் பொருளை மட்டும் கொண்டு தேடுபவர் நான்கு சொற்களிடையே அலைவார். இரண்டாம் படியை விட்டவர் இலக்கணம் அறிந்தும் பிழை செய்வார்.

ஐந்தாம் கோடும் எச்சத்தைப் பற்றியதே. கோட்டை அடுத்து 'அறை' என்னும் பெயர் வருகின்றது. 'செலுத்தினான்', 'செலுத்துக' என்பன முற்றுகள். தொடரின் நடுவே அவை நிற்க இடமில்லை. 'செலுத்தி' என்பது 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம். இவ்வாய்பாட்டிற்கு ஓர் ஒழுங்கு உண்டு. எச்சத்தின் வினையைச் செய்தவரே முற்றின் வினையையும் செய்தல் வேண்டும். 'அவன் குளித்து உண்டான்' என்பதில் குளித்தவனும் உண்டவனும் ஒருவனே. இங்கு 'அமைந்திருக்கும்' என்பதற்கு எழுவாய் அறை. அறை மருந்தைச் செலுத்தாது. எனவே அச்சொல் விலகும். பெயர்கொண்டு முடியும் பெயரெச்சமாகிய 'செலுத்தும்' ஒன்றே எஞ்சும்.

ஓர் உம்மையின் வேலை

மூன்றாம் கோட்டில் 'தொடங்கினர்' என்னும் பயனிலைக்கு எழுவாய் வேண்டும். ஐயுருபும் குவ்வுருபும் ஏற்றவை எழுவாயாக மாட்டா. 'இருவர்', 'இருவரும்' என்னும் இரண்டில் எது? இரண்டுமே 'தொடங்கினர்' என்பதோடு பால் இயைபு உடையவை. ஆயினும் 'ஊர் திரும்பிய இருவர்' எனின், திரும்பியோர் பலருள் யாரோ இருவர் என்னும் பொருள் தோன்றும். முன்னரே பெயர் சொல்லப்பட்டு, இத்துணையர் என அறியப்பட்டவரைக் கூறும்போது முற்றும்மை வேண்டும். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இவ்விதியைக் கூறுகின்றார். கண் இரண்டும் சிவந்தன, கைகள் இரண்டும் ஓய்ந்தன என நாம் நாள்தோறும் சொல்லும் வழக்கே அது. 'இருவரும்' என்பது விடை.

நாவின் பழக்கமும் ஏட்டின் வழக்கும்

நான்காம் கோட்டில்தான் நம் பகுதி மாணவர் மிகுதியாகத் தவறினர். 'ஆலைகளும் அச்சகங்களும்' என்பது அஃறிணைப் பன்மை. அதற்கு ஏற்ற முற்று 'தோன்றின'. ஆயின் மாணவர் பலர் 'தோன்றியது' என எழுதினர். காரணம் அறியாமையன்று. "கட்டெல்லாம் வந்துருச்சு", "வெடி நூறும் வெடிச்சுருச்சு" என்றே விருதுநகரிலும் சிவகாசியிலும் நாம் பேசுகின்றோம். பேச்சுத் தமிழ் அஃறிணையில் ஒருமை பன்மை வேறுபாட்டை முற்றில் காட்டுவதில்லை. ஆகவே 'தோன்றியது' என்பதைப் படிக்கும்போது செவிக்கு எவ்வித முரணும் தோன்றாது. செவியை நம்பினால் இங்கு ஏமாறுவோம். எழுவாயைக் கண்டு எண்ணிப் பார்த்தலே வழி.

எண்ணும்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 'கள்' என முடிவன எல்லாம் அஃறிணை அல்ல. 'மக்கள்' உயர்திணை. 'மக்கள் கூடினர்' என்பதே சரி, 'மக்கள் கூடின' என்பது வழு. 'கள்' இல்லாதவை எல்லாம் ஒருமையும் அல்ல. 'பல', 'சில' என்னும் சொற்கள் 'வந்தன' என்றே முடியும். நன்னூலார் வழுவைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக வகுத்துள்ளார். வினா அமைப்பவர் தவறான விடைகளைத் தேடும்போது பெரும்பாலும் முதல் நான்கு வழுக்களிலிருந்தே எடுத்துக்கொள்கின்றார். எனவே ஒரு விடை எந்த வழுவுக்கு எடுத்துக்காட்டு என்று கேட்டுப் பார்ப்பது அதனை விலக்க எளிய வழியாகும்.

வல்லெழுத்துத் தரும் குறிப்பு

கோட்டிற்கு முன் உள்ள சொல்லின் இறுதியையும் மாணவர் கவனித்தல் வேண்டும். 'அத்தொழிலைக்' எனக் ககர ஒற்றோடு அச்சாகியிருப்பின், கோட்டில் வரும் சொல் ககரத்தில் தொடங்க வேண்டும் என்பது உறுதி. நம் பத்தியில் நான்கு விடைகளும் ககரத்தில் தொடங்குதலால் அக்குறிப்பு விடையைக் காட்டிக்கொடுக்கவில்லை. அங்கே 'கற்க, பயில, அறிய, தேற' என நான்கு விடைகள் தந்திருந்தால், பத்தியைப் படியாமலே 'கற்க' என்பதைக் குறித்துவிடலாம். 'ஓர் __' என வந்தால் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லைத் தேடுவதும் இவ்வகையே. தேர்வு எழுதுவோருக்கு இது குறிப்பு, வினா அமைப்போருக்கு இது குறை.

ஆயினும் இக்குறிப்புக்கு ஓர் எல்லை உண்டு. இன்று வினாத்தாள்களிலும் நாளிதழ்களிலும் வல்லெழுத்து மிக வேண்டிய இடத்தில் அதனை விட்டுவிடுவது பெருகியுள்ளது. எனவே ஒற்று அச்சாகியிருந்தால் அதனைச் சான்றாகக் கொள்ளலாம். ஒற்று இல்லை என்பதைச் சான்றாகக் கொள்ளலாகாது. 'தொழிலை __' என ஒற்றின்றி நின்றால், வல்லெழுத்தில் தொடங்காத சொல்லே வர வேண்டும் என முடிவு கட்டுதல் கூடாது. அச்சுப்பிழையாகவும் இருக்கலாம்.

இலக்கணம் கைவிடும் இடம்

ஆறாம் கோட்டில் நான்கும் இணைப்புச் சொற்கள். திணையும் பாலும் வேற்றுமையும் இங்கு உதவா. இரண்டு தொடர்களுக்கிடையே உள்ள உறவைக் காண வேண்டும். உராய்வு நேரக் கூடாது என்பது முதல் தொடர். சிறு உராய்வும் தீ உண்டாக்கும் என்பது இரண்டாவது. எது காரணம், எது முடிவு? ஐயம் வந்தால் தொடர்களை இடம் மாற்றி இடையே 'எனவே' என்பதை இட்டுப் பார்க்கலாம். 'சிறு உராய்வும் தீயை உண்டாக்கிவிடும். எனவே உராய்வு சிறிதும் நேரக் கூடாது' என்பது இயல்பாக வருகின்றது. மாற்றிய வரிசையில் 'எனவே' பொருந்துமானால், மாற்றாத வரிசையில் 'ஏனெனில்' என்பதே விடை. இச்சிறு சோதனை பெரும்பாலும் தவறுவதில்லை.

ஒரு மாணவர் கண்ட பிழை

இப்பத்தியை முதன்முறை வகுப்பில் தந்தபோது ஐந்தாம் கோட்டின் நான்காம் விடை 'செலுத்துக' என்பதன்று. 'செலுத்து' என வைத்திருந்தோம். அது கட்டளை வினை, அங்கே பொருந்தாது என்பது நம் எண்ணம். விடைகளைச் சொல்லி முடித்தபின், திருத்தங்கல்லிலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்தார். அவர் தந்தையார் பட்டாசு ஆலைத் தொழிலாளி.

"ஐயா, ஊறுகாய் என்கின்றோம், சுடுசோறு என்கின்றோம். அவை வினைத்தொகை என்று தாங்கள்தாம் கற்பித்தீர்கள். அப்படியானால் மருந்து செலுத்து அறை என்பதும் வினைத்தொகைதானே? அதனை ஏன் தவறு என்கின்றீர்கள்?"

நமக்கு உடனே விடை தோன்றவில்லை. அவர் சொன்னது சரியே. காலம் கரந்த பெயரெச்சமே வினைத்தொகை. 'செலுத்து' என்னும் பகுதி 'அறை' என்னும் பெயரைத் தழுவி நிற்பதற்கு இலக்கணத்தில் தடை ஏதும் இல்லை. இன்றைய உரைநடையில் அவ்வாறு எழுதுவோர் அரியர் என்று நாம் சொல்லலாம். ஆனால் அரிது என்பது வேறு, தவறு என்பது வேறு. அவருக்கும், அதே விடையைக் குறித்த மற்றிருவருக்கும் மதிப்பெண் அளித்தோம். அதன் பின்னரே 'செலுத்துக' என மாற்றினோம்.

மாற்றும்போது முதலில் 'செலுத்த' என்பதை வைக்க நினைத்தோம். எழுதிப் பார்த்தபோது 'மருந்து செலுத்த அறை தனியே அமைந்திருக்கும்' என்பதும் பொருந்தி நின்றது. செலுத்துவதற்கு என்று தனியே ஓர் அறை என நல்ல பொருளே தந்தது. 'செய்து' என்னும் வாய்பாட்டுக்கு உள்ள வினைமுதல் கட்டுப்பாடு 'செய' என்னும் வாய்பாட்டுக்கு இல்லாமையே அதற்குக் காரணம். ஆகவே அதனையும் விலக்கினோம். அன்று முதல் இவ்வகை வினா ஒன்றை அமைத்தால், விடை எனக் கருதிய சொல் பொருந்துகின்றதா என்று பார்ப்பதோடு நாம் நிற்பதில்லை. மற்றை மூன்று சொற்களையும் ஒவ்வொன்றாகக் கோட்டில் இட்டு, அச்சொல் ஏன் பொருந்தாது என ஒருவரியில் காரணம் எழுதி வைக்கின்றோம். காரணம் எழுத இயலாத சொல் தவறான விடை அன்று. அது நாம் காணாத இரண்டாவது சரியான விடை.

தேர்வு எழுதும் மாணவர்க்கும் அதே முறை உதவும். நேரம் குறைவாயின் ஒவ்வொரு கோட்டிற்கும் செய்ய இயலாது. இரண்டு சொற்களிடையே ஐயம் நிற்கும் இடத்தில் மட்டும், 'இது ஏன் பொருந்துகின்றது' என்று கேளாமல், 'அது ஏன் பொருந்தாது' என்று கேட்டுப் பார்க்கட்டும். கோட்டைத் தாண்டி முற்றுப்புள்ளிவரை படித்தவர்க்கு அதற்கான காரணம் பெரும்பாலும் வலப்பக்கத்திலேயே கிடைத்துவிடும்.